மூன்று பக்கம், இரண்டு லொகேஷன்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

கேள்வி: திருநெல்வேலியில் எங்களுக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. 2021ல் கடையை இரண்டு தெரு தள்ளி மாற்றினோம். ஃபேஸ்புக்கில் எங்கள் பெயரில் மூன்று பக்கம் வருகிறது. ஒன்று 2014ல் கடையில் வேலை பார்த்த தம்பி ஆரம்பித்தது, 6,200 ஃபாலோயர். ஒன்று 2022ல் ஏஜென்சி தொடங்கியது, 1,100 ஃபாலோயர், கேக் படம் எல்லாம் அதில்தான், 64 பேர் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது யார் போட்டது என்றே தெரியவில்லை. கூகுள் மேப்பில் பழைய தெருவில் 180 ரிவ்யூவோடு ஒன்று, புதுத் தெருவில் 23 ரிவ்யூவோடு ஒன்று. இன்ஸ்டாகிராமில் இரண்டு. எல்லாவற்றையும் ஒன்றாக்க முடியுமா? எதை வைத்துக்கொள்வது?

பதில்: ‘ஒன்றாக்குவது’ என்பதற்கு நீங்கள் சொன்ன மூன்று இடங்களிலும் மூன்று பொருள். குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் இரண்டு பக்கங்களை இணைத்தால் ஃபாலோயர்களும் செக்-இன் எண்ணிக்கையும் வந்து சேரும். விடப்படும் பக்கத்தில் இருந்த பதிவு, படம், பாராட்டு எல்லாம் அழிந்துபோகும். கூகுள் மேப்பில் ஒரே கடைதான் என்று கூகுள் ஏற்றுக்கொண்டால் ரிவ்யூக்கள் வந்து சேரும். இன்ஸ்டாகிராமில் இரண்டு கணக்கை இணைக்கும் வசதியே கிடையாது. ஃபாலோயரும் வரமாட்டார், படமும் வராது. ஆகவே எதை வைத்துக்கொள்வது என்பதை அங்கங்கே தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரே ஓர் அளவுகோல் போதும்: இணைக்கும்போது எது கூட வராதோ, அது எங்கே அதிகம் இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எது தானாக வந்து சேருமோ அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கணக்கில் பார்த்தால், ஃபேஸ்புக்கில் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியது 1,100 பேர் உள்ள ஏஜென்சி பக்கம். பெரும்பாலோர் 6,200 பேர் உள்ளதைத்தான் வைத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் 64 பாராட்டும் 2022லிருந்து போட்ட கேக் படங்களும் ஒரே சொடுக்கில் போய்விடும். 6,200 பேரோ எந்தப் பக்கத்தை வைத்தாலும் வரப்போகிறவர்கள். கூகுளில் வைத்துக்கொள்ள வேண்டியது பழைய தெருவில் நிற்கிற, 180 ரிவ்யூ உள்ள லொகேஷன். அதைப் புதுத் தெருவுக்கு நகர்த்த வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஃபாலோயர் அதிகம் உள்ளது எதுவோ அதுதான், அங்கே வேறு வழியில்லை.

எதிலும் கை வைப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, எங்கெங்கே உங்கள் கடை இருக்கிறது என்று எழுதுங்கள். பெயரை மட்டும் தேடினால் பாதிதான் அகப்படும். கடைக்கு இதுவரை இருந்த ஒவ்வொரு போன் நம்பரையும் கூகுள் மேப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டுத் தேடுங்கள். பழைய நம்பரில்தான் மறந்துபோன பக்கங்கள் ஒளிந்திருக்கும். பெயரைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகவும் தேடுங்கள். கடையின் மெயில் பெட்டியில் facebookmail.com என்றும் verify என்றும் தேடினால் எப்போதோ தொடங்கி மறந்த கணக்குகளின் மெயில்கள் வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் நேரே நான்கு விஷயம் எழுதுங்கள்: முகவரிப் பட்டையில் உள்ள முழு லிங்க், எந்த மெயிலில் அல்லது நம்பரில் தொடங்கியது, இப்போது உள்ளே போக முடிகிறதா, அதில் பணம் கட்டிய விளம்பரம் ஏதும் ஓடுகிறதா. முழு லிங்க்கை எழுதுவது முக்கியம். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால், பெயரை மட்டும் எழுதி வைத்தால் பிறகு எது எது என்று உங்களுக்கே தெரியாது.

அடுத்தது சாவி. உள்ளே போக முடியாத பக்கத்தை இணைக்கவும் முடியாது, முறையாக மூடவும் முடியாது. 2014 பக்கம் அந்தத் தம்பியின் சொந்த ஃபேஸ்புக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். அவருடைய பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள், தேவையில்லை. அவர் தன் போனில் அந்தப் பக்கத்துக்குள் போய், பக்கத்தின் அணுகல் அமைப்பில் உங்கள் கணக்கை முழுக் கட்டுப்பாட்டோடு சேர்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. ஊரை விட்டுப் போயிருந்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்டு இதை முடித்துவிடலாம். நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகு, வீட்டில் இன்னொருவரையும் அதே உரிமையோடு சேர்த்து வையுங்கள். ஒரே ஆள் மட்டும் நிர்வாகியாக இருந்து அவர் கணக்கு முடங்கினால் பக்கமும் அவரோடு முடங்கும்.

ஏஜென்சி பக்கம் கொஞ்சம் வேறு. அவர்கள் அதைத் தங்கள் மெட்டா பிசினஸ் கணக்குக்குள் வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பிசினஸ் கணக்குதான் உரிமையாளராக இருக்க முடியும். உங்களை வெறுமனே நிர்வாகியாகச் சேர்ப்பது போதாது, உரிமை அவர்களிடமே இருக்கும். அவர்களிடம் இரண்டு வேலையைத் தெளிவாக, மெயிலில் எழுதிக் கேளுங்கள்: முதலில் உங்கள் சொந்தக் கணக்குக்கு முழுக் கட்டுப்பாடு தர வேண்டும், பிறகு தங்கள் பிசினஸ் கணக்கிலிருந்து பக்கத்தை நீக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. பிறகு business.facebook.com வழியாக உங்கள் பெயரில் ஒரு பிசினஸ் கணக்கு தொடங்கி இரண்டு பக்கங்களையும் அதற்குள் கொண்டுவாருங்கள். இரண்டும் வேறு வேறு பிசினஸ் கணக்கில் இருந்தால் இணைப்பு பெரும்பாலும் தடைபடும். ஏஜென்சி தர மறுத்தால் மெட்டாவிடம் உரிமைத் தகராறு எழுப்பலாம். கையொப்பமிட்ட உறுதிமொழி, அடையாளச் சான்று, கடை உங்களுடையது என்பதற்கான தாள்கள் கேட்பார்கள். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏஜென்சிக்குத் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதைக் கொடுத்து முடிப்பது பல சமயம் மலிவு.

வேலையைக் கூகுளில் தொடங்குங்கள். கடைக்கு வர நினைத்தவர் திரும்பிப் போவது அங்கேதான். ஃபேஸ்புக் ஒரு மாதம் காத்திருக்கும். பழைய தெரு லொகேஷன், அதாவது மேப்பில் உள்ள கடைப் பதிவு, உங்கள் ஜிமெயிலில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் business.google.com/add போய்க் கடைப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். வேறு யாரோ அதை வைத்திருந்தால் அவருடைய மெயிலின் ஒரு பகுதி மட்டும் தெரிகிற மாதிரி காட்டி, அனுமதி கேட்கும் பொத்தான் வரும். அதைப் பார்த்தே யாரென்று பல நேரம் ஊகித்துவிடலாம். கேட்டதும் இப்போதைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல 3 நாள் உண்டு. பதிலே வரவில்லையென்றால் கடை உங்களுடையது என்று நீங்களே நிரூபித்து எடுத்துக்கொள்ளும் வழி பெரும்பாலும் திறக்கும். புதிதாக உரிமை பெற்றவர் முதல் 7 நாள் சில வேலைகளைச் செய்ய முடியாது: பழைய நிர்வாகியை நீக்குவது, பதிவையே நீக்குவது போன்றவை. அந்த வாரத்தில் பிழைச் செய்தி வந்தால் ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ணி வேறு கணக்கில் புதிதாகத் தொடங்கிவிடாதீர்கள். மூன்றாவது லொகேஷன் பிறப்பது அப்படித்தான்.

இப்போது 180 ரிவ்யூ உள்ள பதிவில் முகவரியைப் புதுத் தெருவுக்கு மாற்றுங்கள். மேப்பில் குறியைப் பிடித்து இழுத்து உங்கள் கடை வாசலில் வையுங்கள். தெருப் பெயரைத் தட்டினால் மட்டும் கூகுள் சில சமயம் தெரு நடுவில் கொண்டுபோய் வைக்கும். போன் நம்பர், நேரம், பெயர் மூன்றும் புதுப் பதிவில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தட்டும். முகவரி மாறியதும் மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம். இப்போது பெரும்பாலும் வீடியோதான். வெட்டி ஒட்டாத ஒரே ஓட்டமாக, குறைந்தது 30 நொடி. தெருப் பெயர்ப் பலகை அல்லது பக்கத்துக் கடைகளில் தொடங்கி, உங்கள் பெயர்ப் பலகைக்கு வந்து, உள்ளே போய், அடுப்பையோ கேக் அலமாரியையோ காட்டி, கடைசியில் வேலை பார்ப்பவர் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள்: ஷட்டர் பூட்டைத் திறப்பது, கல்லாவில் பில் போடுவது. பலகையில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால் இது திரும்பி வரும். பதிவில் பெயரோடு ‘பெஸ்ட் கேக் ஷாப் இன் திருநெல்வேலி’ என்று ஏஜென்சி ஒட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். அது கூகுளின் பெயர் விதிக்கே எதிரானது.

முகவரி ஏற்றுக்கொள்ளப்பட்டதும் ஒரே வாசலில் இரண்டு குறி நிற்கும். அப்போதுதான் 23 ரிவ்யூ உள்ளதை நகல் என்று சொல்ல வேண்டும். மேப்பில் அந்தப் பதிவைத் திறந்து ‘Suggest an edit’, அதில் மூடுவது அல்லது நீக்குவது, காரணமாக வேறோர் இடத்தின் நகல் என்பதைத் தேர்ந்தெடுத்து, வைத்துக்கொள்ளும் பதிவைக் காட்டுங்கள். இரண்டும் உங்கள் கணக்கிலேயே இருந்தால் கூகுள் பிசினஸ் உதவிப் பிரிவுக்கு எழுதுவது இன்னும் நல்லது. இரண்டின் பகிர்வு லிங்க்கையும் கொடுத்து, எது நிற்க வேண்டும், எது போக வேண்டும், ரிவ்யூக்கள் சேர வேண்டும் என்று ஒரே பத்தியில் சொல்லுங்கள். பலகையின் படத்தையும் ஜிஎஸ்டி சான்றிதழையும் இணையுங்கள். 23 ரிவ்யூவும் வந்து சேரும் என்று உறுதி சொல்ல முடியாது, கூகுளின் முடிவு அது. அதனால்தான் 180ஐ அசையாத பக்கத்தில் வைத்தோம். மோசமாகப் போனாலும் இழப்பு 23.

இங்கே ஒரு குழியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நகலை ஒழிக்க நினைத்து ‘Permanently closed’ என்று குறித்துவிடுவார்கள். அது நகலை மறைக்காது. உங்கள் கடைப் பெயரைத் தேடுகிறவருக்கு ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று சிவப்பில் காட்டிக்கொண்டு மேப்பிலேயே நிற்கும். பிறந்தநாள் கேக்குக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர் கடையே போய்விட்டது என்று நினைத்து அடுத்த கடைக்குப் போவார். அதே மாதிரி, உங்கள் கணக்கிலிருந்து ஒரு பதிவை நீக்குவதும் மேப்பிலிருந்து நீக்குவதும் ஒன்றல்ல. கணக்கிலிருந்து நீக்கினால் சாவிதான் போகும், கடைக்குறி அப்படியே இருக்கும். அது உடைமையாளர் இல்லாத பதிவாகி, யார் வேண்டுமானாலும் உரிமை கோரக் கிடக்கும். இணைப்பு முடிந்து மேப்பில் அந்தக் குறி மறைந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை எந்தப் பதிவின் சாவியையும் கையிலிருந்து விடாதீர்கள்.

ஃபேஸ்புக்கில் இணைப்பதற்கு மூன்று நிபந்தனை: இரண்டு பக்கத்திலும் உங்களுக்கு முழுக் கட்டுப்பாடு, ஒரே மாதிரியான பெயர், கடை என்பதால் ஒரே முகவரி. 2014 பக்கத்தில் பெயர் பழைய எழுத்திலும் முகவரி பழைய தெருவிலும் இருக்கும் அல்லவா, அதை முதலில் ஏஜென்சி பக்கத்துக்குச் சமமாக்குங்கள். பெயர் மாற்றத்துக்கு ஃபேஸ்புக்கின் ஒப்புதல் வேண்டும். ஒருமுறை மாற்றினால் அடுத்த 7 நாள் மறுபடி மாற்ற விடாமல் போகலாம் என்பதால் ஓர் எழுத்தும் பிசகாமல் பார்த்துப் போடுங்கள். பெயர் மாறியதும் முகவரி, போன், வகை மூன்றையும் ஒன்றாக்குங்கள். இரண்டு பக்கத்தையும் அருகருகே திறந்து வைத்து ஒப்பிட்டால் ‘ரோடு’ ஒன்றில், ‘சாலை’ ஒன்றில் என்று இருப்பது தெரியும். அதையும் விடாதீர்கள்.

பிறகு சேமிப்பு. விடப்போகும் பக்கத்துக்குள் மாறிக்கொண்டு, அமைப்புகளில் அதன் தகவல் முழுவதையும் தரவிறக்கம் செய்யக் கேளுங்கள். படங்களும் பதிவுகளும் ஒரு கோப்பாக வரும். அதில் உள்ள பாராட்டுகளை ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து வையுங்கள். கடையின் முதல் நாள் படம், அப்பாவின் படம் என்று 2014 பக்கத்தில் மட்டும் இருப்பவை நிச்சயம் சில இருக்கும். அவற்றில் நல்ல இருபதை வைத்துக்கொள்ளும் பக்கத்தில் மறுபடி போட்டு, பதிவின் தேதியைப் பழைய தேதிக்கு மாற்றினால் காலவரிசையில் அதனதன் இடத்தில் போய் உட்காரும். விருப்பமும் கருத்துகளும் திரும்பி வராது. 2014 பக்கத்தோடு ஏதாவது இன்ஸ்டாகிராம் கணக்கோ விளம்பரமோ கட்டப்பட்டிருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் கணினியில் facebook.com/pages/merge. இரண்டு பக்கத்தையும் தேர்ந்தெடுத்ததும் எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும். கையை ஒரு நிமிடம் எடுத்துவிட்டு, தாளில் எழுதி வைத்த லிங்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இப்போது ஒரே பெயர், ஒருவேளை ஒரே முகப்புப் படம். ஆட்கள் இங்கேதான் மாற்றிச் சொடுக்குகிறார்கள். ஒருமுறை இணைத்தால் பிரிக்க முடியாது, அழிந்தது திரும்பாது. பெயர் பொருந்தவில்லை என்று மறுத்தால் உடனே திரும்பத் திரும்ப முயலாமல், பெயர் ஒப்புதல் உண்மையில் வந்துவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். சேர்ந்த பிறகு எண்ணிக்கை 7,300க்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் பதற வேண்டாம். இரண்டு பக்கத்தையும் பின்தொடர்ந்தவர் இப்போது ஒரே ஆளாக எண்ணப்படுவார்.

யார் போட்டது என்று தெரியாத மூன்றாவது பக்கம் அனேகமாக யாருமே போட்டதில்லை. உங்கள் கடையில் யாராவது ‘இங்கே இருக்கிறேன்’ என்று செக்-இன் போட்டபோது ஃபேஸ்புக் தானாக உருவாக்கிய அதிகாரப்பூர்வமற்ற பக்கம் அது. பதிவே இருக்காது, மங்கலான படமும் செக்-இன் எண்ணிக்கையும்தான். அதைத் திறந்தால் மெனுவில் இது உங்கள் வணிகமா என்று கேட்கும் வாய்ப்பு இருக்கும். அதில் நீங்கள் நடத்தும் பக்கத்தோடு சேர்க்கக் கேட்கலாம். இதைக் கடைசியில் செய்யுங்கள். முக்கியப் பக்கம் முகவரியோடு சரியாக நின்றால்தான் இதைப் பொருத்திப் பார்க்க ஃபேஸ்புக்குக்கு ஏதாவது இருக்கும்.

இனி ஹேண்டில், அதாவது லிங்க்கிலும் @ குறிக்குப் பின்னும் வரும் பெயர். எல்லா இடத்துக்கும் ஒரே பெயர் வேண்டுமென்றால் ஒவ்வோர் இடத்தின் கட்டுப்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எக்ஸ் தளத்தில் 15 எழுத்துக்கு மேல் கூடாது. ஃபேஸ்புக்கில் குறைந்தது 5 எழுத்து, அடிக்கோடு கூடாது, புள்ளி வைத்தாலும் அதைக் கணக்கில் எடுக்காது. இன்ஸ்டாகிராமும் யூடியூபும் 30 வரை தாராளமாக விடுகின்றன. ஆக, புள்ளியும் அடிக்கோடும் இல்லாமல், வெறும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், 5க்கும் 15க்கும் இடையே ஒரு பெயர்தான் எல்லா இடத்திலும் உட்காரும். official, the, எண் வால் எல்லாம் வேண்டாம். ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் ஊர்ப் பெயரைச் சேர்ப்பது எண்ணைச் சேர்ப்பதைவிட நல்லது. Nellai என்றால் உங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

தமிழ்ப் பெயருக்கு இன்னொரு சிக்கல் உண்டு, எழுத்துக்கூட்டல். வாழை என்பதை vazhai என்றும் எழுதுவார்கள், vaalai என்றும் எழுதுவார்கள், valai என்று எழுதினால் வலை என்று படிப்பவரும் உண்டு. இலக்கணப்படி எது சரி என்பது இங்கே பொருட்டே இல்லை. கடைக்கு வருகிற பத்துப் பேரிடம் போனைக் கொடுத்து, கடைப் பெயரைத் தட்டச் சொல்லிப் பாருங்கள். அதிகம் பேர் எதைத் தட்டுகிறார்களோ அதுதான் ஹேண்டில். அது பலகையிலும் பில்லிலும் இருப்பதோடு பொருந்தாவிட்டால், அடுத்த முறை அச்சடிக்கும்போது பில்லை மாற்றுங்கள்.

இன்ஸ்டாகிராமில் நல்ல ஹேண்டில் சின்னக் கணக்கிலும் ஃபாலோயர்கள் பெரிய கணக்கிலும் இருந்தால், சின்னக் கணக்கை அழித்துவிட்டுப் பெயரை எடுக்க நினைக்காதீர்கள். அழிக்கச் சொன்ன கணக்கு 30 நாள் உயிரோடுதான் இருக்கும், அதுவரை பெயரும் அதனிடமே இருக்கும். செய்ய வேண்டியது இது: ஒரே போனில் இரண்டு கணக்கையும் திறந்து வைத்துக்கொண்டு, சின்னதன் யூசர்நேமை வேறு ஏதாவதாக மாற்றுங்கள், உடனே பெரியதில் அந்தப் பெயரைப் போடுங்கள். பெரும்பாலும் நடக்கும். கிடைக்கவில்லை என்று வந்தால், பழைய பெயரை 14 நாள் வரை அதே கணக்குக்காகப் பிடித்து வைக்கும் வழக்கம் இன்ஸ்டாகிராமுக்கு உண்டு. அப்போது சின்னக் கணக்கில் பழைய பெயரையே திரும்பப் போட்டுவிட்டு வேறொரு நாள் முயலுங்கள். பெயர் நடுவில் அநாதையாக நிற்பதுதான் ஆபத்து. மாற்றியதும் பழைய instagram.com லிங்க் எதுவும் புதிய பெயருக்குத் திருப்பிவிடாது. கேக் பெட்டி ஸ்டிக்கர், கல்லாவில் ஒட்டிய க்யூஆர், ஃபேஸ்புக்கின் அறிமுகப் பகுதி என்று எங்கெல்லாம் பழையது இருக்கிறதோ அதையெல்லாம் அதே நாளில் மாற்ற ஒரு பட்டியல் கையில் இருக்கட்டும். யூடியூபில் மட்டும் 14 நாள் இரண்டு லிங்க்கும் வேலை செய்யும்.

க்யூஆர் என்றதும் ஒன்று: பெட்டியிலோ பலகையிலோ business.site என்று முடியும் முகவரி இருந்தால் அது செத்துப்போன முகவரி. கூகுள் அந்த இலவச வலைத்தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது, அந்த வருடம் ஜூன் வரை கூகுள் பதிவுக்குத் திருப்பிவிட்டது, பிறகு அதுவும் இல்லை.

பயன்படுத்தாத கணக்குகளை இரண்டாகப் பிரியுங்கள். உங்கள் கடைப் பெயரையே ஹேண்டிலாகக் கொண்டவற்றை அழிக்க வேண்டாம். எக்ஸில் பத்து வருடமாக ஒன்றும் எழுதாத கணக்காக இருந்தாலும், முகப்பில் இப்போதைய லோகோ, ஒரே ஒரு பதிவில் ‘ஆர்டருக்கு இங்கே வாருங்கள்’ என்று முக்கியப் பக்கத்தின் லிங்க், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். பெயரைக் கைவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு, தீபாவளிக்கு முன் உங்கள் பெயரில் ஸ்வீட் பாக்ஸுக்கு முன்பணம் வாங்கலாம். வேறு பெயரில் இருப்பவை, பழைய ஏஜென்சி விழாக்காலத்துக்கென்று தொடங்கியவை, இவற்றை அழிக்கலாம். அழிப்பதற்கு முன் மூன்று வாரம் முக்கியக் கணக்கின் பெயரைச் சொல்லி ஒரு பதிவு போட்டு வைத்து, வந்திருக்கும் செய்திகளில் ஆர்டர் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். அழிக்கச் சொன்ன பிறகு கடைப் போனிலிருந்து அந்தக் கணக்கை வெளியேற்றிவிடுங்கள். 30 நாளுக்குள் யாராவது உள்ளே நுழைந்து மீட்டால் அழிப்பு ரத்தாகிவிடும். ‘அழித்தேன், மறுபடி வந்துவிட்டது’ என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

பழைய சிம்மை விடுவது இந்த வேலையின் கடைசிப் படியாக இருக்கட்டும். இந்தியாவில் துண்டித்த மொபைல் நம்பரை 90 நாள் வரை வேறொருவருக்குக் கொடுப்பதில்லை. அதற்குப் பிறகு கொடுப்பார்கள். அந்த நம்பர் உங்கள் ஃபேஸ்புக் அல்லது ஜிமெயிலில் ஓடிபி வரும் நம்பராக இன்னும் இருந்தால், முன்பின் தெரியாத ஒருவர் கையில் உங்கள் கடைச் சாவி. முதலில் எழுதிய தாளில் அந்த நம்பர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் எடுத்துவிட்டு, புதிய நம்பரில் ஓடிபி வருவதை ஒருமுறை சோதித்த பிறகே சிம்மைத் துண்டியுங்கள். வாட்ஸாப்பில் நம்பரை மாற்ற, புதிய சிம்மில் புதிதாகத் தொடங்காமல் கணக்கு அமைப்பில் உள்ள ‘Change number’ வழியாகப் போனால் குழுக்களும் அமைப்புகளும் கூடவே வரும், பழைய நம்பரில் இருந்த கணக்கும் நீங்கிவிடும். ஆனால் அச்சடித்த wa.me லிங்க்குக்குள் பழைய நம்பரே இருக்கிறது, அதைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

எல்லாம் நடந்து முடிய ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கூகுளுக்கு முதல் இரண்டு, மூன்று வாரம் போகும். அதன் காத்திருப்பு நாட்களில் ஃபேஸ்புக் பெயர் மாற்றத்தைப் போட்டுவிடலாம். ஒரே நாளில் எல்லா இடத்திலும் பெயர், முகவரி, ஹேண்டில் மூன்றையும் மாற்றாதீர்கள். ஏதாவது முடங்கினால் எந்த மாற்றத்தால் என்று தெரியாமல் போகும். முடிந்து இரண்டு மாதம் கழித்து அதே தாளை எடுத்து, அதே போன் நம்பர்களை மறுபடி தேடுங்கள். வாடிக்கையாளர் யாராவது நல்லெண்ணத்தில் மேப்பில் ‘விடுபட்ட இடம்’ என்று உங்கள் கடையை மறுபடி சேர்த்திருப்பார், அல்லது பழைய தெருவில் புதிதாக வந்த கடைக்கு உங்கள் நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். ரிவ்யூ விழத் தொடங்கும் முன்பே அந்த நகலைப் பிடித்தால் ஒரே ஒரு ‘Suggest an edit’ போதும்.